முதல் மூன்று வரியோடு கடிதத்தை மூடிப் பார்த்தேன்

வெள்ளவத்தை வாசி
கணக்கு உதவியாளர் வேலைக்கு எழுதிய கடிதத்தை, மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு கடதாசியால் மூடி மச்சாளிடம் நீட்டினேன். பத்து எண்ணிவிட்டு வாங்கிக்கொண்டேன். "நான் என்ன வேலை செய்தவள் எண்டு விளங்குதா?" என்று கேட்டேன். "ஞாயிறு பேப்பர் பாக்கிறனீ எண்டுதான் விளங்குது" என்றா. விளம்பரம் வந்த பேப்பர், திகதி, பதவியின் பெயர், "பணிவுடன் விண்ணப்பிக்கிறேன்". இதோடேயே மூன்று வரியும் முடிந்திருந்தது. புறக்கோட்டை இரும்புக் கடையில் இரண்டு வருடம் கணக்குப் பார்த்தது எட்டாவது வரியில் கிடந்தது.

மருதானை
கடிதத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. சீவியை மட்டும் திருத்துங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா
இணைப்பாகப் போட்டால் பல நேரம் திறக்கமாட்டோம், அது சரி. ஆனால் மெயிலுக்குள்ளேயே எழுதினால் கண்ணில் படத்தான் செய்யும். நான் ஆட்சேர்ப்பில் இருக்கிறேன், அரைவாசி விண்ணப்பங்களைப் போனில்தான் பார்க்கிறேன். அங்கே உங்கள் மூன்று வரி ஏழெட்டு வரியாக மடங்கும். அதனால் முதலில் உங்களுக்கே மெயில் அனுப்பிப் போனில் பாருங்கோ, தங்கச்சி.

அடுத்தது, மச்சாளுக்கு உங்களைத் தெரியும். சொல்லாததையும் அவவே நிரப்பிக்கொள்ளுவா. தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பதவி, அந்த வேலையை எங்கே, எவ்வளவு காலம் செய்தவர் என்று மட்டும் கேளுங்கோ.

விளம்பரத்தில் வங்கி இணக்கக் கூற்று கேட்டிருந்தால் இப்படித் தொடங்கலாம்: "கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். புறக்கோட்டை மொத்த வியாபார நிலையமொன்றில் இரண்டு வருடமாக மாத முடிவுக் கணக்கையும் வங்கி இணக்கக் கூற்றையும் நானே தயாரிக்கிறேன்." பேப்பர், திகதி எல்லாம் மெயில் தலைப்பில் இருக்கட்டும்.

தெஹிவளை
நானும் முழுக் கடிதத்தையும் மூன்று வரியாக்கி அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா
வெட்டச் சொல்லவில்லை, தம்பி. மூன்று வரி பிடித்துப்போய்க் கீழே இறங்கினால் அங்கே ஆதாரம் இருக்கவேணும். அரச பதவிக்கு வர்த்தமானியில் படிவம் தந்திருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை, படிவத்தை ஒழுங்காக நிரப்பினால் சரி.

வெள்ளவத்தை வாசி
அக்கா எழுதியதைப் பக்கத்து வீட்டு அங்கிளிடம் போனில் காட்டினேன். பதவி, இடம், இரண்டு வருடம் மூன்றையும் சொல்லிவிட்டார். பிறகு, "இப்பவும் அங்கேதானே?" என்றார். இல்லை. அம்மாவைப் பார்க்க விலகி ஒன்பது மாதமாகுது. "தயாரிக்கிறேன்" என்பதைத் "தயாரித்தேன்" என்று மாற்றிவிட்டேன். இடைவெளியையும் மேலேயே சொல்லவேணுமா?

கொட்டாஞ்சேனை அக்கா
நான் என்றால் கடைசிப் பந்தியில் ஒரு வரியில் சொல்லுவேன்.

மருதானை
நான் முதல் வரியிலேயே சொன்னேன். நேர்முகத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.