நடப்புக் கணக்கின் அன்றாடப் பரிமாற்ற வரம்பை உயர்த்துவது எப்படி?

நூல்கண்டு:
திருப்பூரில் இருவர் கூட்டாக ஒரு பின்னலாடை நிறுவனம் நடத்துகிறோம். எங்கள் நடப்புக் கணக்கில் நெட் பேங்கிங் வழியாக ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபாய் வரைதான் அனுப்ப முடிகிறது. நூற்பாலைக்கு 14 லட்சம் தர வேண்டிய நாளில், மீதி 4 லட்சம் மறுநாள்தான் போகிறது; முழுத் தொகையும் வரவாகும் வரை ஆலை லோடை விடுவதில்லை. வரம்பை உயர்த்த வங்கியில் என்ன கேட்க வேண்டும்?

ஈரோடு மணி:
ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்புங்கள். அதற்கு உச்சவரம்பே கிடையாது.

சந்திரசேகரன்:
மணி அவர்கள் சொல்வது பாதி சரி. ரிசர்வ் வங்கி ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்குக் குறைந்தபட்சமாக 2 லட்சத்தை மட்டுமே வைத்திருக்கிறது. ஆனால் நெட் பேங்கிங்கில் அனுப்பினால், உங்கள் வங்கி வைத்திருக்கும் அன்றாட வரம்பு அதற்கும் பொருந்தும்.

முதலில், உங்களுடையது தனிநபர் லாகினா, நிறுவன லாகினா என்று பாருங்கள். தனிநபர் லாகின் என்றால் கிளை மேலாளர் விரும்பினாலும் ஓரளவுக்கு மேல் உயர்த்த இயலாது. ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தரும் நிறுவன லாகினுக்கு மாறுவதே வழி. நிறுவன லாகின்தான் என்றால், கூட்டாளிகள் கையொப்பமிட்ட கடிதத்தில் வேண்டிய தொகையையும் காரணத்தையும் எழுதி, நூற்பாலையின் அண்மைய பில்களையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களையும் இணைத்துக் கொடுங்கள். 14 லட்சத்துக்கு 15 லட்சம் கேட்காதீர்கள். அதே நாளில் சாயப்பட்டறைக்கும் பணம் போகும் அல்லவா, அதையும் கூட்டிக் கேளுங்கள்.

கடைவீதி செல்வி:
எங்கள் மளிகைக் கடையில் யு.பி.ஐ. வழியே 1 லட்சத்துக்கு மேல் போகவில்லை. இதே கடிதம் கொடுத்தால் கூடுமா?

சந்திரசேகரன்:
அது வேறு வரம்பு அம்மா, கிளைக் கடிதத்தால் மாறாது. பெரிய தொகைக்கு நெஃப்ட் பயன்படுத்துங்கள்.

நூல்கண்டு:
நிறுவன லாகின்தான், ஐயா. கடிதம் கொடுத்து, 25 லட்சமாக உயர்த்திவிட்டதாகக் கிளையில் சொன்னார்கள். ஆனாலும் 14 லட்சம் போட்டால் வரம்பு மீறியதாகவே திரையில் வருகிறது.

சந்திரசேகரன்:
கணக்கின் வரம்பு உயர்ந்திருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் உரிய வரம்பு பழைய 10 லட்சத்திலேயே நின்றிருக்கும். பதிவு செய்பவர், ஒப்புதல் தருபவர் ஆகிய இருவருக்கும் அதைத் தனித்தனியே உயர்த்த வேண்டும். அதன் பிறகும் ஆலைக்கு மட்டும் போகவில்லை, மற்றவர்களுக்குப் போகிறது என்றால், ஆலையின் கணக்கைப் பெறுநராகச் சேர்த்தபோது குறித்த தொகையைப் பாருங்கள். அதுவரை அவசரமென்றால், கிளைக்குப் போய்க் காசோலையுடன் ஆர்.டி.ஜி.எஸ். படிவம் கொடுங்கள், நெட் பேங்கிங் வரம்பு அங்கே குறுக்கிடாது.

நூல்கண்டு:
எனக்கு உயர்த்திவிட்டார்கள். ஒப்புதல் தரும் என் கூட்டாளி இப்போது துபாயில் இருக்கிறார்; அவருடைய படிவத்தில் அசல் கையொப்பம் வேண்டும் என்கிறார்கள். ஸ்கேன் பிரதியை ஏற்பார்களா?

சந்திரசேகரன்:
அது கிளையைப் பொறுத்தது. கேட்டுப் பாருங்கள்; மறுத்தால் அவர் கூரியரில்தான் அனுப்ப வேண்டும்.