லிப் பாம் தேங்காய் மூடியைவிடப் பெரிதாக வருகிறது, அவசர உதவி!

மண்டபம்மலர்: நாளைக்குள் விளம்பரப் படம் வேண்டும். ஏஐயில் தேங்காய் மூடி, சங்கு, ஓலைப்பாய் எல்லாம் வைத்துக் கேட்டால், பக்கத்தில் லிப் பாம் கலங்கரை விளக்கம் மாதிரி நிற்கிறது. சின்னது என்று எழுதியும் பயனில்லை.

பாம்பன்காற்று: குழாயா, டப்பியா அக்கா? எழுதியதை அப்படியே போடுங்கள்.

ராம்நாடுரவி: லென்ஸ்தான் கோளாறு. '85 எம்எம்' என்று சேருங்கள், சரியாகிவிடும்.

பழையகை: இதே கேள்வி இங்கே ஏற்கெனவே நிறையக் கிடக்கிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது.

ஏர்வாடிசெல்வி: எனக்கும் லிப் பாம் பிரச்சினைதான், வெயிலில் உருகிவிடுகிறது. தேன்மெழுகைக் கூட்டலாமா?

மண்டபம்மலர்: திருகுகிற குழாய். எழுதியது: "நடுவில் கம்பீரமாக நிற்கும் லிப் பாம், க்ளோசப், மிகச் சிறியது, உயரம் 6.8 செ.மீ., சுற்றிலும் தேங்காய் மூடி, சங்கு, பவளம்."

தொண்டிநிழல்: 'க்ளோசப்', 'கம்பீரமாக' இரண்டும் அதைப் பெரிதாக்கச் சொல்கின்றன, 'சிறியது' தோற்றுப்போகிறது. செ.மீ. கணக்கையும் அது பெரும்பாலும் மதிப்பதில்லை. பக்கத்துப் பொருளோடு ஒப்பிட்டு எழுதுங்கள்: "பாய்மேல் படுத்திருக்கும் லிப் பாம் குழாய், ஆள்காட்டி விரல் நீளம், தேங்காய் மூடியின் அகலத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லாம் ஒரே தரையில், நேர் மேலிருந்து எடுத்த படம். சுற்றிலும் வெற்றிடம்." மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம், குழாய் முன்னால் வந்து பெரிதாகத் தெரியாது. ரவி அண்ணே, லென்ஸ் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, கேமரா தள்ளிப் போகவேண்டும்.

ராம்நாடுரவி: எனக்கு வேலை செய்ததே!

பழையகை: பவளமா? அது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. மன்னார் வளைகுடா ஓரத்தில் இருந்துகொண்டு இது தெரியாதா?

ராம்நாடுரவி: படத்தில் வரைவதற்கும் வழக்கா?

பழையகை: வழக்கு வராது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு, பவளம் கிடைக்குமா என்று கேட்டு வருவார்கள்.

பாம்பன்காற்று: அதை விடுங்கள். அக்கா, அப்படியும் சரிவராவிட்டால் குழாய் இல்லாத காட்சியை மட்டும் மேலிருந்து வரையச் சொல்லி, உங்கள் குழாயையும் நேர் மேலிருந்து போட்டோ எடுத்து ஒட்டுங்கள். மூடி நிஜத்தில் 12 செ.மீ. அகலம், படத்தில் 900 பிக்சல் என்றால், 6.8 செ.மீ. குழாய்க்கு 510 பிக்சல். நிழல் விழும் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிள் எழுத்தும் கோணலாகாது.

தொண்டிநிழல்: ஆமாம், அதுதான் உறுதியான வழி. ஒட்டியதும் பாயைப் பாருங்கள். ஓலைக் கீற்று குழாயின் தடிமன் அளவுக்கு இருந்தால் காட்சியே தப்பு, வேறு வரையச் சொல்லுங்கள்.

ஏர்வாடிசெல்வி: என் மெழுகுக் கேள்வி?

மண்டபம்மலர்: பவளத்தை எடுத்துவிட்டு, ஒட்டியே முடித்தேன். தேங்காய் சரி, ஆனால் சங்கு குட்டியாகிவிட்டது. அச்சுக்கு அனுப்பியாச்சு, நன்றி.