தொடைக்குள் தேங்கும் இரத்தம்: ‘இரத்தக்கட்டு’ போதுமா, வேறு சொல் வேண்டுமா?

கோமதி:

நண்பர்களே, விளையாட்டு வீரர்களுக்கான முதலுதவிக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிராளியின் முழங்கால் தொடையின் முன்பக்கத்தில் பலமாக மோதும். தோல் கிழியாது, உள்ளே இரத்தம் கசிந்து தொடை வீங்கும். அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன்.

அடிக்கு ‘ஊமைக்காயம்’ இருக்கிறது, நல்ல சொல். உள்ளே தேங்கும் ஹீமட்டோமாவுக்கு ‘இரத்தக்கட்டு’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அப்படி எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘நீவக் கூடாது’ என்றால் யார் கேட்பார்கள்? இரத்தம் கட்டியிருக்கிறது என்றாலே நீவிக் கலைக்கத்தான் கை போகும். நீவத் தூண்டாத ஒரு சொல் வேண்டும்.

மாணிக்கம்:

‘குருதித்திரள்’ என்று வைக்கலாம் அம்மா. ஆனால் நீவுவதைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டாம். முதல் 48 மணி நேரம் நீவக் கூடாது, அப்புறம் நீவலாம் என்று எழுதினால் முடிந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடி பட்ட சில நாளில் நீலம் முழங்கால் வரை இறங்கினால் இரத்தக்கசிவு பெருகுகிறது என்று பொருள், அதுதான் ஆபத்தான வகை.

சலீம்:

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது பின்தொடை சுருண்டு கல் மாதிரி இறுகிவிட்டது. நண்பர் அங்கேயே உட்கார வைத்து நீவிவிட்டார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. நீவக் கூடாது என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

செல்வராசு:

சலீம் தம்பி, உங்களுக்கு வந்தது தசைப்பிடிப்பு. அடியும் இல்லை, இரத்தக்கசிவும் இல்லை. அதை நீட்டி, நீவிவிடலாம். இங்கே பேசுவது வேறு. மோதலில் தசை தொடை எலும்போடு நசுங்குகிறது. எலும்பை ஒட்டிக் கிடக்கும் ஆழமான தசைதான் பெரும்பாலும் அதிகம் சிதைகிறது. அதனால் முதலில் வெளியே ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும்.

மாணிக்கம் ஐயா, 48 மணி நேரம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. நீலம் இறங்குவது பற்றிச் சொன்னது பெரும்பாலும் நேர்மாறு. தசையைச் சுற்றியிருக்கும் உறை கிழிந்திருந்தால் இரத்தம் தசைகளுக்கு இடையே வெளியேறித் தன் எடையில் கீழே வழிகிறது. இரண்டு மூன்று நாளில் முழங்கால் பக்கம் கரு நீலமாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது சீக்கிரம் ஆறும் வகை. உறை கிழியாவிட்டால் இரத்தம் தசைக்குள்ளேயே அடைபடுகிறது. நீலம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தொடை விறைத்து நிற்கும், முழங்கால் மடங்காது. நாள் கணக்கில் இழுப்பது இதுதான்.

நான் பார்த்த ஓர் இளைஞரைச் சொல்கிறேன். வலது தொடையில் அடி, ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அன்றிரவு வீட்டில் சூடான எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார்கள். நீவும்போது இதமாக இருந்ததாம். மறுநாள் காலை என்னிடம் வந்தபோது இரண்டு தொடையிலும் முழங்கால் சில்லுக்கு மேலே ஒரே உயரத்தில் நாடா வைத்து அளந்தேன். அடிபட்ட தொடை 3 செ.மீ. பெருத்திருந்தது. குப்புறப் படுக்க வைத்துக் குதிகாலைப் பின்னால் கொண்டுவரச் சொன்னேன், முழங்கால் 40 பாகைகூட மடங்கவில்லை. 45க்குக் கீழே என்றால் கடுமையான காயம், 90க்கு மேல் மடங்கினால் இலேசானது என்பது நாங்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு.

நீவியதால் என்ன ஆனது? அறுந்த சின்னக் குழாய்களின் வாயை அப்போதுதான் உறைந்த இரத்தம் அடைத்திருக்கும். அந்த அடைப்பு இன்னும் இளசு. பொருக்குத் தட்டிய புண்ணைப் பெயர்ப்பது போல அழுத்தம் அதைப் பெயர்க்கிறது, சூடு குழாய்களை விரிக்கிறது, மறுபடி கசிகிறது. உறைக்குள் அடைபட்ட இரத்தம் போக வழியில்லாமல் அழுத்தமாக மாறுகிறது.

அது மட்டும் இல்லை. நான்காவது வாரத்தில் அதே இடத்தில் கல் போன்ற முடிச்சு கையில் தட்டியது. எக்ஸ்ரே எடுத்தால் தசைக்குள் எலும்பு படிந்திருந்தது. நீவியதால் மட்டுமே வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், இவ்வளவு கடுமையான அடியில் நீவாமலேயும் வரலாம். ஆனால் காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது அதற்கு வழிவிடுகிறது. தேறி வந்த முழங்கால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி மடங்க மறுத்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

தேவி:

சொல்லுக்கு வருகிறேன். செல்வராசு ஐயா சொன்ன இரண்டு வகையும் குறிப்பில் வர வேண்டும். ‘தசையகக் குருதித்தேக்கம்’, ‘தசையிடைக் குருதித்தேக்கம்’ என்று பிரிக்கலாம். ‘கட்டு’, ‘திரள்’ இரண்டையும்விட ‘தேக்கம்’ நல்லது. தேங்கியது தானாக வடியட்டும் என்று விடத் தோன்றும். ஒரு சிக்கல், ‘அக’, ‘இடை’ இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழுகின்றன. மைதானத்து ஓரத்தில் நின்று படிப்பவர் குழம்புவார்.

அப்புறம், என் தம்பி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவன். பந்தாட்டத்தில் பட்ட சாதாரண இடிக்கே தொடை வீங்கி மருத்துவமனையில் இருக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

மாணிக்கம்:

நீலம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படிப்பவருக்கு ஒரு கணக்கு வேண்டுமே? மணி நேரம் சொல்லாமல் ‘பொறுத்திருங்கள்’ என்றால் அன்றிரவே நீவுவார்கள். ‘தேக்கம்’ பற்றியும் தயக்கம்தான். ‘இரத்தக்கட்டு’ ஊரறிந்த சொல், அதை விட்டால் குறிப்பு யாருக்கும் புரியாது.

செல்வராசு:

மணிக்கணக்கு வேண்டும் என்றால், முதல் 72 மணி நேரம் நீவல், சூடு, ஓட்டம், மது நான்கும் கூடாது என்று எழுதலாம். ஆனால் 72 கடந்ததும் கதவு திறந்துவிடுவதில்லை. நாடா அளவு ஏறாமல் நின்றிருக்க வேண்டும், முழங்கால் நாளுக்கு நாள் கூடுதலாக மடங்க வேண்டும், சும்மா இருக்கும்போது வலி இருக்கக் கூடாது. அப்போதும் மேலோட்டமாகத்தான் நீவலாம். தசைக்குள் அடைபட்ட வகையில் அந்த இடத்தை ஆழமாக அழுத்துவதை நான் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவேன். வலிக்க வலிக்க இழுத்து மடக்குவதும் கூடாது.

அடி பட்டதும் செய்ய வேண்டியதைக் குறிப்பின் தலையிலேயே போடுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, முழங்காலைத் தாங்க முடிந்த அளவு மடக்கி, எலாஸ்டிக் பேண்டேஜால் அப்படியே பிடித்து நிறுத்தி, துணி சுற்றிய ஐஸை 15–20 நிமிடம் வைக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் அடி பட்ட 10 நிமிடத்துக்குள் 120 பாகை மடக்கி 24 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக மூன்றரை நாளில் பயிற்சிக்குத் திரும்பினார்கள். மடங்கிய நிலையில் தசை நீண்டு இறுக்கமாக நிற்பதால் இரத்தம் தேங்க இடம் குறைகிறது.

தொடை பலகை போல விறைத்து, அடிக்குப் பொருந்தாத அளவு வலி ஏறிக்கொண்டே போனால், அல்லது கால் மரத்தால், கட்டை அவிழ்த்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மணி நேரம்தான் முக்கியம்.

கோமதி:

இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன்: தலைப்பில் ‘இரத்தக்கட்டு’, உள்ளே எல்லா இடத்திலும் ‘குருதித்தேக்கம்’. வகைகளுக்கு ‘உறைக்குள் தேக்கம்’, ‘உறை தாண்டிய தேக்கம்’. தேவி சொன்ன குழப்பம் இதில் இல்லை. நீலம் இறங்குவதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம்.

தசைக்குள் எலும்பு படிவதற்கு ‘தசை எலும்பாதல்’ என்று போட்டேன். தசை முழுவதும் எலும்பாகிவிடும் என்று பயந்துவிடுவார்களோ?

தேவி:

பயப்படுவார்கள். ‘தசையில் எலும்புப் படிவு’ என்று போடுங்கள்.

மாணிக்கம்:

‘படிவு’ சரி. ‘தேக்கம்’ எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தலைப்பில் ‘இரத்தக்கட்டு’ நிற்கும் வரை வாதாட மாட்டேன்.