திசைச்சொல்லுக்குள் ஒரு கிளை: ‘சாவி’ போன்ற சொற்களுக்கு என்ன பெயர்?

அனுப்புநர்: கயல்விழி

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

இலக்கண வினா வங்கி ஒன்றைத் தொகுத்து வருகிறோம். ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அது இயற்சொல்லா, திரிசொல்லா, திசைச்சொல்லா, வடசொல்லா என்று குறித்து வைத்தால், விடைத் தெரிவுகளைப் பின்னர் எளிதாக அமைக்கலாம் என்பது எங்கள் திட்டம். திசைச்சொல் என்ற குறியீட்டுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. ‘பெற்றம்’ என்ற சொல்லும் ‘சாவி’ என்ற சொல்லும் ஒரே குறியீட்டின் கீழ் வந்து அமர்கின்றன. முன்னது தென்பாண்டி நாட்டார் பசுவுக்கும் எருமைக்கும் வழங்கியதாக உரைகாரர்கள் காட்டும் தமிழ்ச்சொல். பின்னது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது.

“திசைச்சொல்லைத் தேர்க” என்று கேட்டு, பெற்றம், சாவி, கமலம், மண் என நான்கு தெரிவுகள் தந்த ஒரு வினா சரிபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்தது. விடைக்குறிப்பில் பெற்றம் மட்டுமே இருந்தது. சாவியைத் தேர்ந்தவருக்கு மதிப்பெண் மறுக்க இடமில்லை என்று அவர் எழுதியிருந்தார். ஆகவே, திசைச்சொல்லுக்குள் அடங்கும் வேற்றுமொழிச் சொற்களை மட்டும் சுட்ட ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. ‘அயற்சொல்’ என்று வைக்கலாமா என்பது என் முதல் கருத்து.

அனுப்புநர்: மாறன்

வணக்கம். இதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். “செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப் பினவே திசைச்சொற் கிளவி” என்பது தொல்காப்பியம். திசைச்சொல் என்றால் தமிழ் வழங்கும் பன்னிரு நிலத்தின் வட்டார வழக்கு, அவ்வளவே. சாவி, சன்னல், அலமாரி முதலியவற்றைத் திசைச்சொல் என்று எழுதுவது பாடநூல்கள் பரப்பிய பிழை. அந்தச் சொற்களை வினா வங்கியிலிருந்தே நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அனுப்புநர்: அருளம்மை

அன்புள்ள கயல்விழி, மாறன்,

மாறன் காட்டிய நூற்பா சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பாதிதான் சரி. பாடநூல்கள் பின்பற்றுவது பெரும்பாலும் நன்னூலை. “செந்தமிழ் நிலஞ்சேர் பன்னிரு நிலத்தினும் ஒன்பதிற் றிரண்டினில் தமிழொழி நிலத்தினும் தங்குறிப் பினவே திசைச்சொல் என்ப” என்று பவணந்தியார் பெயரியலில் கூறுகிறார். பதினெண் நிலத்தில் தமிழ் நிலத்தை நீக்கினால் எஞ்சுவது பதினேழு. அந்த நிலங்களை எண்ணும் பழம்பாடலில் சிங்களம், கன்னடம், தெலுங்கம் ஆகியவற்றோடு சோனகமும் சாவகமும் சீனமும்கூட இருக்கின்றன. உரைகாரர்களும் சிங்களத்துக்கு ‘அந்தோ’ என்பதையும், துளுவுக்கு மாமரத்தைக் குறிக்கும் ‘கொக்கு’ என்பதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே, வேற்றுமொழிச் சொல்லைத் திசைச்சொல்லுள் அடக்குவது பாடநூல் கண்டுபிடித்த பிழையன்று. இலக்கண மரபுக்குள்ளேயே நடந்த விரிவு.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டினர். போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். சாவியை அவர் கண்டிருக்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் சீனத்தையும் சாவகத்தையும் ஏற்ற வகைப்பாட்டில் போர்ச்சுகலுக்கு இடம் தர மறுப்பதற்கு நியாயம் எதுவும் தென்படவில்லை. ஒரு சொல் தொல்காப்பியத்தின்படி திசைச்சொல் ஆகாமலும் நன்னூலின்படி ஆகியும் நிற்கிறது. வினாவோ எந்த நூலின்படி என்று சொல்லாமல் விடுகிறது. கயல்விழியின் வினா திரும்பி வந்ததற்கு வேர் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நான்கையும் சொற்களின் பிறப்பு வரலாறு என்று எண்ணிக்கொண்டு குறியீடு போடத் தொடங்கினால் அடுத்த தடை திரிசொல்லில் வரும். தொல்காப்பியர் இவை நான்கையும் “செய்யுள் ஈட்டச் சொல்லே” என்கிறார். அதாவது செய்யுள் செய்பவன் எடுத்தாளத்தக்க சொற்கள் எவை என்று சொல்கிறாரே ஒழிய, ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று பதிவேடு எழுதவில்லை. திரிசொல்லுக்கு நன்னூல் கூறும் அடையாளம் ‘அரிதுணர் பொருளன’ என்பது. அது சொல்லின் அருமையைப் பற்றியது, ஊரைப் பற்றியது அன்று. கிளிக்குக் கிள்ளை, சுகம், தத்தை என மூன்று திரிசொற்கள் காட்டுவார்கள். அவற்றுள் ‘சுகம்’ வடமொழியிலிருந்து வந்தது. யானை, கோழி, சங்கு எனப் பல பொருள் தரும் திரிசொல்லாகக் காட்டப்படும் ‘வாரணம்’ என்பதும், யானையைக் குறிக்கும்போது வடமொழிச் சொல்லே. பூழி நாட்டார் நாய்க்கு வழங்கியதாகச் சொல்லப்படும் ‘ஞமலி’ உரைகளில் திசைச்சொல். இன்றைய மாணவருக்கோ அதைவிட அரிதுணர் பொருளது வேறு இல்லை. ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரே குறியீடு என்ற உங்கள் அட்டவணை முதலில் தளர வேண்டும்.

‘அயற்சொல்’ பொருளில் பழுதில்லாதது. ஆனால் இயற்சொல்லுக்கும் அதற்கும் முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. இரண்டும் ஒரே வினாவின் தெரிவுகளாக வரும்போது, அதுவும் பார்வையற்ற மாணவருக்கு ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது, என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அனுப்புநர்: செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நீண்ட விவாதம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சாவிக்குத் திறவுகோல், சன்னலுக்குச் சாளரம், பேனாவுக்குத் தூவல் என்று நல்ல தமிழ்ச்சொற்கள் இருக்கின்றன. நான் ஒரு செயலியைத் தமிழாக்கியபோது எல்லா இடத்திலும் அவற்றையே வைத்தேன். பயனர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நீங்களும் அவ்வாறே மாற்றிவிடலாமே?

அனுப்புநர்: கயல்விழி

செல்வம் ஐயாவுக்கு நன்றி. சாவிக்கு மாற்றுச்சொல் தேடுவது எங்கள் வேலையன்று. ‘சாவி’ என்ற சொல்லையே வினாவில் தந்து, அது எவ்வகைச் சொல் என்று மாணவரைக் கேட்கிறோம். அதைத் திறவுகோல் என்று மாற்றினால் கேட்பதற்கு வினாவே இருக்காது.

அருளம்மை அம்மா சொன்னபடி அயற்சொல்லைக் கைவிடுகிறேன். ‘கடன்சொல்’ என்பது மொழியியல் நூல்களில் பழகியதுதான். ஆனால் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் வாங்கியதைக் கடன் என்று சொல்வது எப்படியோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. ‘வருசொல்’ எப்படி?

அனுப்புநர்: அருளம்மை

‘வருசொல்’ வேண்டாம். புணர்ச்சி இலக்கணத்தில் நிலைமொழி, வருமொழி என்ற இணை ஏற்கெனவே நிலைத்துவிட்டது. “இத்தொடரின் வருமொழி யாது”, “இவற்றுள் வருசொல் எது” என்ற இரண்டு வினாக்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து வந்தால் மாணவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுவார்.

ஆனால் நீங்கள் போகும் வழி சரியானது. திரிசொல் என்பதே வினைத்தொகை அமைப்பு. திரிந்த, திரிகின்ற, திரியும் சொல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். அதே வார்ப்பில் ‘புகுசொல்’ என்று வைத்துப் பார்க்கலாம். முன்பு புகுந்த சாவியும், அரபு வேரிலிருந்து உருது வழியாக வந்த வசூலும், நாளை புகப்போகும் சொல்லும் அதில் அடங்கும். வல்லினம் மிகாமல் எழுத வேண்டும் என்பதை மட்டும் தட்டச்சு செய்பவர் நினைவில் கொள்ள வேண்டும். ‘புகுச்சொல்’ என்று எழுதினால் வினைத்தொகை கெட்டுவிடும்.

எந்த மொழி வழியாக வந்தது என்பதை இந்தப் பெயர் கேட்பதில்லை என்பது இன்னொரு வசதி. ‘துப்பாக்கி’ துருக்கி மொழியில் தொடங்கி, இடையில் வேறு மொழிகளைக் கடந்து வந்த சொல். எந்த மொழியை அதன் மூலமாகக் குறிப்பது என்று ஒரு மாலை முழுவதும் வாதிடலாம்; குறியீடு போடுவதற்கு அந்த வாதம் தேவையில்லை.

அனுப்புநர்: மாறன்

நன்னூலின் இரண்டாம் அடியை நான் கணக்கில் எடுக்கவில்லை. நூல் வேறுபாடு என்ற விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ‘புகுசொல்’ என்ற பெயருக்கு ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது. வடசொல்லும் வெளியிலிருந்து புகுந்ததே. “வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ” என்று, புகும்போது வடவெழுத்தை நீக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதியையே தொல்காப்பியர் அதற்குத்தான் வகுத்தார். அப்படியிருக்க, கமலத்தை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் புகுசொல் என்பது எப்படிப் பொருந்தும்? ஒரு மாணவர் கமலத்தைப் புகுசொல் என்று எழுதினால் தவறு என்பீர்களா?

அனுப்புநர்: அருளம்மை

மாறனின் தடை வலுவானது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. புகுசொல் என்பதை ஐந்தாவது வகையாக வைத்தால் அவர் சொல்வது போலவே உடையும். திசைச்சொல்லின் உட்கிளையாக மட்டும் வைத்தால், வடசொல் முன்பே தனி வகையாகப் பிரிந்து போய்விடுவதால் மோதல் குறையும். ஆனால் பெயரைத் தனியே படிப்பவருக்கு இந்த எல்லை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘திசைப்புகுசொல்’ என்று நீட்டினால் எல்லை தெளியும். சொல்லத்தான் நாவு ஒத்துழைக்காது.

மறுபக்கத்துக்கு, அதாவது பெற்றம் போன்றவற்றுக்கு, ‘நிலச்சொல்’ என்று பெயர் வைக்கலாமோ என்றும் எண்ணினேன். ஆனால் நன்னூல் தமிழொழி நிலத்தையும் நிலம் என்றே சொல்வதால் அது நிற்காது. ‘வட்டாரச் சொல்’ இன்றைய பேச்சு வழக்கைக் குறித்து நிலைத்துவிட்டது. அந்தக் கிளைக்குப் பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

அனுப்புநர்: கயல்விழி

நன்றி. எங்கள் தொகுப்புக்குள் மட்டும் புகுசொல் என்பதை உட்குறியீடாக வைத்துக்கொள்கிறோம். மாணவர் பார்க்கும் வினாத்தாளில் அது வராது. மாறன் ஐயாவின் தடை தீரும் வரை அதைப் பொதுப்பயனுக்குத் தருவதில்லை.

திரும்பி வந்த வினாவை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “நன்னூலின்படி, தமிழ் வழங்கும் பன்னிரு நிலத்துள் ஒன்றிலிருந்து வந்த திசைச்சொல் எது? பெற்றம், சாவி, கமலம், மண்.” இதே தெரிவுகளோடு, “தமிழொழி நிலத்திலிருந்து வந்த திசைச்சொல் எது?” என்று இரண்டாவது வினாவையும் வைத்திருக்கிறேன். முதலாவதற்குப் பெற்றம், இரண்டாவதற்குச் சாவி. திரிசொல் வினாக்களில் சுகம், வாரணம் இரண்டையும் வடசொல்லின் அருகே தெரிவாக வைப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

அனுப்புநர்: மாறன்

முதல் வினாவை ஏற்கிறேன். இரண்டாவதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும்: கமலமும் தமிழ் அல்லாத மொழியிலிருந்து வந்ததுதானே என்று ஒருவர் கேட்க இடமிருக்கிறது. வினாவில் திசைச்சொல் என்று சொல்லியிருப்பதால் விடை மாறாது என்றாலும், கமலத்தை எடுத்துவிட்டு வேறோர் இயற்சொல்லை வைத்தால் எதிர்வாதமே எழாது. ‘காற்று’ போதும்.