வாங்கும் உரிமைக்கு 18 நாள்தான் பாக்கி, கடிதம் எப்படி எழுதுவது?

வணக்கம். தொண்டிக்குப் பக்கத்தில் கருவாடு காயவைக்க 20 சென்ட் களத்தை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். பதிவு செய்த பத்திரம். அதில் ஒரு வரி: “குத்தகை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே எழுத்துமூலம் தெரிவித்தால், சென்ட் 60,000 ரூபாய் வீதம் குத்தகைதாரருக்கே விற்க வேண்டும்.” அந்தக் கெடு முடிய 18 நாள்.

“உனக்குத்தான் தம்பி, கடிதம் எதற்கு?” என்கிறார் இடத்துக்காரர், தேநீரை ஆற்றியபடி. நல்ல மனிதர்தான், ஆனால் சாலையோர நிலத்தின் விலை ஏறிவிட்டது. கெடுவைத் தவறவிட்டால், குத்தகை முடிந்தபிறகு அவர் வாடகை வாங்கினாலும் குத்தகைதான் நீளும், வாங்கும் உரிமை தானாக நீளாது என்கிறார் வக்கீல். விலை பத்திரத்திலேயே இருப்பது என் அதிர்ஷ்டம். “பிறகு பேசிக்கொள்ளலாம்” என்றிருந்தால் அந்த வரியே நிற்காதாம்.

பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா என்று அதே கடிதத்தில் கேட்க ஆசை. அப்படிக் கேட்டால் அது நிபந்தனையாகி, சம்மதமே செல்லாமல் போகுமா? 12 லட்சம் தயார் என்று காட்ட வங்கிக் கணக்கு விவரம் போதுமா, கடன் அனுமதிக் கடிதமும் வேண்டுமா? இப்படி அறிவிப்பு அனுப்பிக் கிரயம் முடித்தவர்கள் வாசகத்தைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.