இரவில் வீணாகும் கிளவுட் முன்பதிவு: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் சிறு நிறுவனம் சலுகை விலை பெறுவதற்காக, கிளவுட் சேவையில் மணிக்கு 10 டாலர் பயன்படுத்துவதாக ஓராண்டுக்கு உறுதி கொடுத்திருக்கிறது. சராசரிப் பயன்பாடும் சரியாக 10 டாலர்தான். ஆனாலும் பணம் வீணாகிறது!

காரணம் இப்போதுதான் புரிந்தது. கணக்கு மாதத்துக்கு அல்ல, ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக முடிகிறது. பகல் 12 மணி நேரம், சலுகை விலையில் 14 டாலர் அளவுக்குப் பயன்படுத்துகிறோம். மிஞ்சும் பகுதிக்குச் சலுகையில்லாத முழு விலை. இரவில் 6 டாலர்தான். மீதி 4 டாலர் அந்த மணியோடு போய்விடுகிறது, பகலுக்குச் சேராது. நாளுக்கு 48, மாதத்துக்கு 1,440 டாலர். மாதச் சராசரியைப் பார்த்து உறுதி கொடுத்தது என் தவறு.

இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. எங்கள் திட்டத்தை ரத்து செய்யவோ பிறருக்கு விற்கவோ முடியாது. பகலில் ஓடும் அறிக்கை தயாரிப்பு, காப்புநகல் சோதனை ஆகியவற்றை இரவுக்கு மாற்ற நினைக்கிறேன். இதைச் செய்தவர்கள் உண்டா? எவ்வளவு இடைவெளி நிரம்பியது? அடுத்த முறை இரவின் 6 டாலருக்கு மட்டும் உறுதி கொடுப்பதா, சற்றுக் கூட்டலாமா? உங்கள் மணிவாரி அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.