மகன் தலையில் வட்டமாக முடி இல்லை, படம் பார்த்துச் சொல்லுங்கள்

வாணி_திண்டுக்கல்: மகனுக்குப் பின்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டிவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். புழுவெட்டா? என்ன தடவலாம்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

குமரன்77: புழுவெட்டேதான். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேயுங்கள். எனக்குத் தாடியில் வந்து அப்படித்தான் சரியானது.

நூர்: பையனுக்கு என்ன வயது? அரிப்பு உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

பழனிவேல்: விவரம் இல்லாமல் படம் மட்டும் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? தலை முழுக்க எண்ணெய் மினுங்குகிறது. எண்ணெய் பட்டால் செதில் படிந்துவிடும், எதுவும் புழுவெட்டு மாதிரி வழுவழுப்பாகத்தான் தெரியும். தலைக்குக் குளிப்பாட்டி, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் வட்டத்தின் ஓரத்தைக் கிட்டத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

செல்வி_அம்மா: என் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது முடியைப் பிடுங்குவாள். திட்டியதும் அதிகமாகிவிட்டது. பையனைத் திட்டாமல் கவனியுங்கள்.

சுபா: பிடுங்கினால் இடம் கோணலாக இருக்கும், உள்ளே நீளமும் குட்டையுமாக முடி நிற்கும், முழு வழுக்கையாகாது. புழுவெட்டில் தோல் சுத்தமாக இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்த குட்டை முடிகள் தெரியும். பூஞ்சை என்றால் செதில், தோலோடு ஒடிந்த கரும்புள்ளிகள், பல சமயம் கழுத்துப் பின்புறம் நெறி கட்டியிருக்கும். தொட்டுப் பாருங்கள், அது படத்தில் வராது.

குமரன்77: வெங்காயம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பாட்டி வைத்தியம் பொய்யா?

நூர்: சின்னப் புழுவெட்டு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே முளைக்கும். உங்கள் தாடியில் வேலை செய்தது வெங்காயமா, காலமா என்று எப்படிச் சொல்வது?

குமரன்77: தேய்த்த இடத்தில்தானே முளைத்தது!

பழனிவேல்: ஒரே ஒரு வட்டம் இருந்தால் வேறெங்கே முளைக்கும்? இதற்குத் தனி இழை போடுங்கள்.

வாணி_திண்டுக்கல்: வயது ஏழு. அரிக்கிறது. குளிப்பாட்டியதும் வெள்ளையாகச் செதில் தெரிகிறது, கழுத்தில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. மருந்துக் கடையில் கொடுத்த படர்தாமரை கிரீம் போட்டேன், சிவப்பு குறைந்தது.

சுபா: அப்படியானால் எனக்குப் பூஞ்சைச் சந்தேகம்தான் அதிகம். கிரீமை நிறுத்துங்கள். அப்படிக் கொடுக்கும் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு அடங்கும், பூஞ்சை பரவும். கலக்காத கிரீமும் முடிவேருக்குள் இருப்பதை எட்டாது. வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும், அளவு பையனின் எடையைப் பொறுத்தது. தோல் மருத்துவரிடம் போங்கள், முதலில் செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போட்ட கிரீமின் அட்டையையும் கொண்டுபோங்கள். அதுவரை சீப்பு, துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும்.

செல்வி_அம்மா: இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் அல்லவா? அரித்தால் பிடுங்கத்தானே செய்வான்.

சுபா: இருக்கலாம்.

வாணி_திண்டுக்கல்: காட்டினோம். சுரண்டியதில் பூஞ்சை தெரிந்ததாம், மாத்திரை தொடங்கியாயிற்று. தங்கைக்கும் காதுக்கு மேலே சின்னதாக இருக்கிறது, அவளை நாளை அழைத்துப் போகிறேன். நன்றி.